73 ஆட்டம் ஜெயித்த அணியை நான்கு எண்ணில் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நாலு ஃபேக்டர்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது என்ன, யார் ஆரம்பித்தது?

கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்ததிலிருந்து அது எதிரணியிடம் போகும் வரை உள்ளதை ஒரு பொசெஷன் என்கிறோம். அந்த நேரத்தில் நடக்கக்கூடியவை கொஞ்சம்தான். ஷாட் போடலாம். போடுவதற்கு முன்பே பந்தைத் தொலைக்கலாம். போட்டு விழாமல் போனால் ரீபவுண்டைப் பிடித்து மறுபடி போடலாம். ஃபவுல் வாங்கி ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகலாம். ஷூட்டிங், டர்ன்ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ என்ற நான்கும் இப்படித்தான் வந்தன.

இவற்றை ஒரு முறையாகக் கோத்துக் கொடுத்தவர் டீன் ஆலிவர் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர வல்லுநர். 2004இல் வந்த தன் நூலில் இதை விளக்கினார். பிறகு அமெரிக்காவின் என்பிஏ லீக் அணிகளிலேயே வேலை பார்த்தார். இந்த நான்கையும் நம் அணிக்கு ஒரு தடவை, எதிரணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆகவே படிக்க வேண்டிய எண்கள் உண்மையில் எட்டு.

எத்தனை போட்டு எத்தனை விழுந்தது என்ற சதவீதம் போதாதா? eFG% எதற்கு?

2016 ஜூன் 19 அன்று நடந்த என்பிஏ இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த சீசனில் 73 ஆட்டம் ஜெயித்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 83 ஷாட் போட்டு 32 விழுந்தது, அதாவது 38.6 சதவீதம். கிளீவ்லேண்ட் கவாலியர்ஸ் 82 போட்டு 33 விழுந்தது, 40.2 சதவீதம். இதை மட்டும் பார்த்தால் கிளீவ்லேண்ட் நன்றாகச் சுட்டது என்றுதான் சொல்வோம்.

ஆனால் வாரியர்ஸின் 32இல் 15 த்ரீ பாயிண்டர். கிளீவ்லேண்டின் 33இல் த்ரீ பாயிண்டர் வெறும் 6. ஷாட்டில் வந்த புள்ளிகளை மட்டும் கூட்டினால் வாரியர்ஸுக்கு 79, கிளீவ்லேண்டுக்கு 72. சாதாரண சதவீதம் மூன்று புள்ளி ஷாட்டையும் இரண்டு புள்ளி ஷாட்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. eFG% அதைச் சரிசெய்கிறது: விழுந்த ஒவ்வொரு த்ரீயையும் ஒன்றரை ஷாட்டாக எண்ணுகிறது. அப்படி எண்ணினால் வாரியர்ஸ் 47.6, கிளீவ்லேண்ட் 43.9. வரிசையே தலைகீழாகிவிட்டது.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தது கிளீவ்லேண்ட், 93-89. அது எப்படி என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

மற்ற மூன்றையும் எப்படிக் கணக்கிடுவது? அந்த 0.44 எங்கிருந்து வந்தது?

ஆட்டத்தின் எண்ணிக்கைப் பட்டியலான பாக்ஸ் ஸ்கோர் கையில் இருந்தால் நான்கு வரிதான்:

```
eFG%   = (FG + 0.5*3P) / FGA
TOV%   = TOV / (FGA + 0.44*FTA + TOV)
ORB%   = ORB / (ORB + எதிரணி DRB)
FT/FGA = FT / FGA
```

FGA என்பது போட்ட ஷாட், FG என்பது விழுந்த ஷாட், 3P என்பது விழுந்த த்ரீ. FTA போட்ட ஃப்ரீ த்ரோ, FT விழுந்த ஃப்ரீ த்ரோ. TOV டர்ன்ஓவர். ORB என்றால் நம் ஷாட் தவறியபோது நாமே பிடித்த ரீபவுண்ட். DRB என்றால் எதிராளியின் ஷாட் தவறியபோது பிடிப்பது.

0.44 பலரைக் குழப்பும். ஃபவுல் வாங்கி கோட்டுக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு ஃப்ரீ த்ரோ. எல்லாமே அப்படி இரண்டிரண்டாக வந்தால், ஒரு ஃப்ரீ த்ரோ அரை வாய்ப்பைச் செலவழிக்கிறது என்று 0.5 போட்டுவிடலாம். ஆனால் ஷாட்டும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் கூடுதலாக ஒரு ஃப்ரீ த்ரோ வரும், அதற்குத் தனி வாய்ப்பு செலவாகாது. டெக்னிக்கல் ஃபவுலும் அப்படியே. த்ரீ போடும்போது ஃபவுல் வாங்கினால் ஒரே வாய்ப்பில் மூன்று. இவையெல்லாம் சேர்ந்து சராசரியை 0.5க்குக் கீழே இழுக்கின்றன. என்பிஏ ஆட்டங்களை எண்ணிப் பார்த்து 0.44 என்று வைத்திருக்கிறார்கள். அது சராசரிதான், ஒவ்வொரு ஆட்டத்திலும் அச்சு அசலாகப் பொருந்தாது.

ரீபவுண்டை எண்ணிக்கையாகப் பார்க்காமல் விகிதமாகப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. நிறையத் தவறவிடும் அணிக்கு, தன் பந்தையே பிடிக்கும் வாய்ப்பும் நிறைய. 50 ஷாட் தவறி 12 பிடித்த அணியைவிட 36 தவறி 10 பிடித்த அணி ரீபவுண்டில் மேல். "15 அஃபென்சிவ் ரீபவுண்ட் எடுத்தோம்" என்று ஒரு கோச் பெருமைப்பட்டால், எத்தனை தவறவிட்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

ஒரு அணியின் நான்கு எண்ணும் கையில் இருக்கிறது. நல்லதா கெட்டதா எப்படிச் சொல்வது?

தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே ஆண்டின் லீக் சராசரியைப் பக்கத்தில் வைத்தால்தான் எண் பேசும்.

2015-16 வாரியர்ஸையே எடுப்போம். 82 ஆட்டத்தில் 73 வெற்றி, 9 தோல்வி. என்பிஏ வரலாற்றில் வழக்கமான சீசனில் அதிக வெற்றி. அந்த ஆண்டு ஸ்டீபன் கரி போட்டதில் மட்டும் 402 த்ரீ விழுந்தது. அணியின் மொத்தம் 7159 ஷாட்டில் 3489 விழுந்தது, அதில் 1077 த்ரீ. ஃப்ரீ த்ரோ 1790 போட்டு 1366 விழுந்தது. டர்ன்ஓவர் 1245.

சூத்திரத்தில் போட்டால் eFG% 56.3 வருகிறது. லீக் சராசரி 50.2. TOV% 13.5, லீக் 13.2. ORB% 23.5, லீக் 23.8. FT/FGA 0.191, லீக் 0.209.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். 73 ஆட்டம் ஜெயித்த அணி, நான்கில் மூன்றில் சராசரியைவிடக் கொஞ்சம் மோசம். பந்தைச் சற்று அதிகமாகத் தொலைத்திருக்கிறது, ரீபவுண்ட் சற்றுக் குறைவு, ஃப்ரீ த்ரோவும் குறைவு. ஷூட்டிங் ஒன்றில்தான் மற்றவர்கள் எட்ட முடியாத உயரம். நான்கு எண்ணுக்கும் நான்கு டிக் தேடுகிறவர்கள் இந்த அணியைப் பார்த்துத் திணறிப் போவார்கள்.

40, 25, 20, 15 என்று எடை சொல்கிறார்களே, பெருக்கிக் கூட்டினால் அணியின் மார்க் வந்துவிடுமா?

வராது. ஷூட்டிங் 40, டர்ன்ஓவர் 25, ரீபவுண்ட் 20, ஃப்ரீ த்ரோ 15 என்பது, ஒட்டுமொத்த லீக்கில் வெற்றி தோல்வியோடு எது எவ்வளவு சேர்ந்து நகர்கிறது என்று ஆலிவர் சொன்ன தோராயம். ஒரு அணியின் 56.3ஐ 0.40ஆல் பெருக்கி, 0.191ஐ 0.15ஆல் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது தக்காளியையும் தக்காளி விலையையும் கூட்டியது போல ஒன்று. நான்கின் அளவுகோலும் வேறு வேறு.

அதைவிட உருப்படியான வழி, ஒவ்வொரு வித்தியாசத்தையும் புள்ளியாக மாற்றுவது. வாரியர்ஸின் eFG% சராசரியைவிட 6.1 அதிகம். ஆண்டுக்கு 7159 ஷாட். 0.061ஐ 7159ஆல் பெருக்கி, ஒரு ஷாட்டுக்கு 2 புள்ளி என்று மறுபடி பெருக்கினால் ஏறத்தாழ 873 புள்ளி. 82 ஆட்டத்துக்கு வகுத்தால் ஆட்டத்துக்கு பத்தரைப் புள்ளிக்கு மேல்.

டர்ன்ஓவரில் வித்தியாசம் 0.3. சூத்திரத்தின் கீழே இருக்கும் தொகை ஏறத்தாழ 9190. ஆக சீசன் முழுக்க 28 டர்ன்ஓவர் அதிகம். ஒரு பொசெஷனின் மதிப்பு ஒரு புள்ளிக்குச் சற்று மேல் என்று வைத்தால் ஆட்டத்துக்கு அரைப் புள்ளிகூட நஷ்டமில்லை. ரீபவுண்ட் நஷ்டம் அதிலும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. ஃப்ரீ த்ரோவில் 0.018ஐ 7159ஆல் பெருக்கினால் 129 புள்ளி, ஆட்டத்துக்கு ஒன்றரை.

பத்தரை வரவு, இரண்டு செலவு. இந்த அணி எப்படி ஜெயித்தது என்பதற்கு எடையெல்லாம் இல்லாமலே பதில் கிடைத்துவிட்டது.

வாரியர்ஸ் டிஃபென்ஸ் எப்படி? அங்கேயாவது ரீபவுண்டும் டர்ன்ஓவரும் உதவியதா?

இல்லை, அங்கேயும் அதே கதைதான். எதிரணிகளின் eFG% 47.9, சராசரியைவிட 2.3 குறைவு. ஆட்டத்துக்கு ஏறத்தாழ நான்கு புள்ளி மிச்சம். எதிரணிகளின் டர்ன்ஓவர் 12.6, அதாவது இவர்கள் பந்தைப் பறித்தது சராசரியைவிடக் குறைவு. ரீபவுண்டிலும் ஃப்ரீ த்ரோவிலும் லீக்கோடு ஒட்டியே இருந்தார்கள்.

இரண்டு பக்கத்தையும் கூட்டினால் என் கைக்கணக்கு ஆட்டத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு புள்ளி முன்னிலை என்கிறது. நிஜத்தில் அவர்களின் சராசரி வெற்றி வித்தியாசம் 10.8. மிச்சம் எங்கே போனது? நன்றாகச் சுடும் அணிக்குத் தவறும் ஷாட் குறைவு. சராசரி அணி அந்த இடத்தில் கூடுதலாகத் தவறவிட்டிருக்கும், ஆனால் தவறியதில் நான்கில் ஒன்றைத் திரும்பப் பிடித்து இன்னொரு தடவை போட்டிருக்கும். ஆகவே ஷூட்டிங் வித்தியாசத்தை நேராக இரண்டால் பெருக்குவது அதன் மதிப்பைக் கொஞ்சம் ஊதிக் காட்டும். நான்கும் நான்கு தனித்தனி பெட்டி அல்ல. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும்.

ஃப்ரீ த்ரோ குறைவு என்றால் உள்ளே போய் மோதத் தைரியமில்லை என்று அர்த்தமா?

அப்படி டிவியில் சொல்வார்கள். வாரியர்ஸ் அந்த ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரியாக 31 த்ரீக்கு மேல் போட்டார்கள். கூடைக்கு அடியில்தான் ஃபவுல் அதிகம் கிடைக்கும். 24 அடி தள்ளி நின்று போடுகிறவனை யாரும் அவ்வளவாக அடிப்பதில்லை. வெளியே நின்று சுடுவது என்று முடிவெடுத்தபோதே ஃப்ரீ த்ரோவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாயிற்று. அஃபென்சிவ் ரீபவுண்டும் அப்படித்தான். ஐந்து பேரும் வெளியே பரவி நின்றால் கூடைக்கு அடியில் குதிக்க ஆள் இருக்காது. மூன்று பேரை ரீபவுண்டுக்கு அனுப்பினால் எதிரணி ஓடிவரும்போது பின்னால் நிற்க ஆள் இருக்காது. குறைந்த எண்ணைப் பார்த்ததும் பலவீனம் என்று எழுதாமல், அதை விற்று எதை வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். இவர்கள் ஒன்றரைப் புள்ளியை விற்றுப் பத்தரை வாங்கினார்கள்.

வாங்கியது ஒன்றும் தெரியவில்லை என்றால்தான் அது பலவீனம்.

அப்படியானால் அந்த ஏழாவது ஆட்டத்தில் eFG% அதிகமிருந்தும் ஏன் தோற்றார்கள்?

முதல் பார்வையில் பதில் ஃப்ரீ த்ரோ. கிளீவ்லேண்ட் 25 போட்டு 21, வாரியர்ஸ் 13 போட்டு 10. ஷாட்டில் வாரியர்ஸ் 7 புள்ளி முன்னால், கோட்டில் 11 புள்ளி பின்னால். மிச்சம் 4. ஆட்டம் போனதும் 4 புள்ளியில். நானும் நெடுநாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எடை குறைந்த ஃபேக்டர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்ல நன்றாகவும் இருக்கும்.

ஆனால் ஃப்ரீ த்ரோ சும்மா வருவதில்லை, அதற்கும் ஒரு வாய்ப்பு செலவாகிறது. அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். வாரியர்ஸ்: 83 ஷாட், அதோடு 13 ஃப்ரீ த்ரோவின் 0.44 மடங்கு, மொத்தம் ஏறத்தாழ 88.7 முயற்சி. எடுத்தது 89 புள்ளி. கிளீவ்லேண்ட்: 82 ஷாட், 25 ஃப்ரீ த்ரோவின் 0.44 மடங்கு 11, மொத்தம் 93 முயற்சி. எடுத்தது 93 புள்ளி.

இரண்டு அணியும் முயற்சிக்கு ஒரு புள்ளி. சுடுவதிலும் கோட்டிலும் சேர்த்து இரண்டும் சரிசமம். கிளீவ்லேண்டுக்கு நான்கு முயற்சி அதிகம் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நான்கு எங்கிருந்து வந்தது? பந்து மாறி மாறித்தான் வருகிறது. இரு அணிக்கும் பொசெஷன் ஏறத்தாழ சமமாகத்தான் இருக்கும், கால் பகுதிகளின் முடிவில் ஓரிரண்டு முன்பின் ஆகலாம். சமமான பொசெஷனில் ஒருவருக்கு மட்டும் கூடுதல் முயற்சி கிடைக்க இரண்டே வழி: தவறியதைத் திரும்பப் பிடிப்பது, பந்தைத் தொலைக்காமல் இருப்பது. ஆக, ஃப்ரீ த்ரோவில் ஜெயித்தது போலத் தோன்றிய ஆட்டத்தின் அடியில் ரீபவுண்டையும் டர்ன்ஓவரையும்தான் தேட வேண்டும்.

இதை வைத்து வாரியர்ஸின் பாணியே தவறு என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அவர்கள் 41 த்ரீ போட்டு 15 விழுந்தது. அதே ஆட்கள் அதே ஷாட்டை இன்னொரு நாள் போட்டால் 12 விழலாம், 18 விழலாம், இரண்டுமே சாதாரணம். மூன்று பந்து இப்படியோ அப்படியோ விழுந்தால் 9 புள்ளி. ஒரே ஆட்டத்தின் eFG% என்ன நடந்தது என்று சொல்லும். அணி எப்படிப்பட்டது என்று சொல்லாது.

எங்கள் காலேஜ் டீமுக்கு இதைப் போட முடியுமா? என்ன குறித்துக்கொள்ள வேண்டும்?

முடியும். ஒரு நோட்டும் இரண்டு ஆளும் போதும். ஒருவர் நம் அணி, ஒருவர் எதிரணி. FGA முதல் DRB வரை மேலே சொன்ன எட்டையும் இரண்டு பக்கமும் கோடு போட்டு எண்ண வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது எதிரணியின் DRB. அது இல்லாமல் நம் ORB% வராது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள்:

```
POSS = FGA + 0.44*FTA - ORB + TOV
```

இதை இரு அணிக்கும் தனித்தனியாகப் போட்டால் இரண்டு மூன்றுக்குள் ஒத்துப்போக வேண்டும். நான் முதன்முதலில் ஒரு காலேஜ் மேட்சுக்கு எழுதியபோது ஏழு வித்தியாசம் வந்தது. தேடிப் பார்த்தால், பாஸ் பறிபோனதை மட்டும் டர்ன்ஓவராக எழுதியிருந்தோம். டிராவலிங், டபுள் டிரிப்ளிங், மூணு செகண்ட் எல்லாவற்றையும் "அது ஃபவுல்தானே" என்று விட்டிருந்தோம். பந்து எதிரணிக்குப் போனால் அது டர்ன்ஓவர்தான், விசில் ஊதினாலும் ஊதாவிட்டாலும். ஃபவுல் வாங்கி ஷாட்டும் விழாமல் போனால் அதை FGAவில் எழுதக்கூடாது என்பதும் அடிக்கடி பிசகும் இடம்.

சராசரிக்கு என்பிஏ எண்ணைப் பக்கத்தில் வைக்காதீர்கள். உங்கள் லீக்கில் ஆடும் அணிகளின் எண்ணை வைத்தே சராசரி எடுங்கள். 40, 25, 20, 15 எடையும் என்பிஏவிலிருந்து வந்ததுதான். எல்லோரும் நன்றாகப் பந்து கையாளும் லீக்கில் டர்ன்ஓவர் அணிக்கு அணி பெரிதாக மாறாது. நம் பக்கம் ஒரு டீம் கோர்ட் முழுக்க நெருக்கிப் பிரஸ் போட்டால் எதிர் டீம் பாதிக் கோட்டைத் தாண்டவே தடுமாறும். அங்கே டர்ன்ஓவர் ஒன்றே ஆட்டத்தைத் தீர்த்துவிடலாம்.

ஒரே அணிக்கு இரண்டு வெப்சைட்டில் ஃப்ரீ த்ரோ எண் வேறு வேறாக இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். சில இடங்களில் விழுந்த ஃப்ரீ த்ரோவை ஷாட்டால் வகுக்கிறார்கள், சில இடங்களில் போட்ட ஃப்ரீ த்ரோவை. 2015-16 வாரியர்ஸுக்கு முதல் வழியில் 0.191, இரண்டாம் வழியில் 0.250. முதலாவதில் கோட்டுக்குப் போவதும் அங்கே போடும் திறமையும் கலந்திருக்கும். இரண்டாவது கோட்டுக்குப் போவதை மட்டும் காட்டும். அணியின் எண்ணை ஒரு தளத்திலும் லீக் சராசரியை இன்னொரு தளத்திலும் எடுத்தால் மட்டும் கணக்கு கெட்டுவிடும்: 0.250ஐ 0.209 பக்கத்தில் வைத்து, வாரியர்ஸ் ஃப்ரீ த்ரோ அள்ளிய அணி என்று எழுதிவிடுவீர்கள்.